கல்லா ஒண்ணு சொல்லுது, நோட்டு ஒண்ணு சொல்லுது

ஏலே மக்கா, அந்தப் போனை இங்கன குடு. பொறு, கண்ணாடியை மாட்டிக்கிடுதேன். முன்ன நீ எடுத்துப் போட்ட ஒரு நிமிஷப் படத்தை உங்க ஆச்சி நாலு தடவை பாத்துட்டா. 'தினசரி ரொக்க நோட்டு எழுதுவது எப்படி'ன்னு பேரன் ஊருக்கே சொல்லிக் குடுக்கானாம். அவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கு. எனக்கும்தான் நிக்கு. காரணம் மட்டும் வேற.

படத்தை நிறுத்தி வச்சு நீ காட்டுன மாதிரிப் பக்கத்தைப் படிச்சேன். ஆரம்ப இருப்பு 5,000. வியாபாரம் 10,000. செலவு 4,000. இருப்பு 11,000. கீழ ரெண்டு கோடு, பக்கத்துல பச்சையில ஒரு டிக்கு, பின்னால ஒரு மேளச் சத்தம். நாப்பத்தஞ்சு வருசம் இந்தச் சேர்மாதேவித் தெருவுல கடை வச்சிருந்தேன்லே. ஒரு நாளாவது பொழுதடைய எண்ணும்போது மூணு சைபர் வந்து நின்னது கிடையாது. அம்பது கிராம் கடுகும், கால் கிலோ வெல்லமும், ஒரு தீப்பெட்டியும் விக்கிற கடையில வியாபாரம் பத்தாயிரத்துல வந்து சப்பணம் போட்டு உக்காருதுன்னா, அது கடையில நடந்த வியாபாரம் இல்ல. உன் மண்டையில நடந்தது.

சரி, படத்துக்காக முழுசாப் போட்டேன்னு சொல்லுத. ஒத்துக்கிடுதேன். ஆனா அன்னிக்கு ராத்திரி உன் கல்லாவுல பதினோராயிரம் இருந்துச்சா? நான்தான் பாத்தேனே. ஏழாயிரத்துச் சொச்சம்தான் கிடந்தது. மிச்சம் எங்கலேன்னு கேட்டா, 'அது ஜிபேயில வந்தது தாத்தா'ங்க. அப்ப அது கல்லாவுல எப்படிலே இருப்பு ஆகும்? அது டவுன்ல, பேங்குல கிடக்கு. கல்லா இருப்புன்னா, கையை விட்டு அள்ளினா கையில வரணும்.

அதுகூடப் பெரிய தப்பு இல்ல. ஒரு கட்டத்தைக் கூடப் போட்டா தீந்துபோகும். உன்கிட்ட நான் கேக்க வந்தது வேற. வியாபாரம் இவ்வளவுன்னு நோட்டுல எழுதினியே, அந்த எண் உனக்கு எங்கன இருந்து வந்தது?

நீ சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். 'ராத்திரி கல்லாவை எண்ணுனேன் தாத்தா, ஜிபேயில வந்ததைச் சேத்தேன், செலவைக் கூட்டுனேன், காலையில இருந்ததைக் கழிச்சேன், வந்தது வியாபாரம்.' அதை அப்படியே நோட்டுல எழுதி, திரும்பக் கூட்டிக் கழிச்சு, கல்லாவோட சரியா இருக்குன்னு பச்சை டிக்கும் போட்டுட்ட. கோட்டிக்காரப் பயலே! சாட்சியும் நீ, தீர்ப்புச் சொல்லுத நாட்டாமையும் நீ. சரியா வராம எங்க போகும்?

இப்ப நான் மத்தியானம் உன் கல்லாவுல கையை விட்டு ஐநூறு எடுத்துட்டேன்னு வச்சுக்கிடு. ராத்திரி நீ எண்ணும்போது ஐநூறு கம்மியா இருக்கும். உன் கணக்குப்படி என்ன ஆகும்? அன்னிக்கு வியாபாரம் ஐநூறு கம்மின்னு எழுதுவ. நோட்டு டிக்கு போடும். 'இன்னைக்கு யாவாரம் டல்லு தாத்தா'ன்னு என்கிட்டயே வந்து சொல்லுவ. நானும் 'ஆமாலே, ஆடி மாசம்லா'ன்னு வெத்தலையை மென்னுக்கிட்டே சொல்லுவேன். வருசம் பூரா எடுத்தாலும் உன் நோட்டு ஒரு வார்த்தை பேசாது.

அதனால வியாபாரத்தைக் கல்லாகிட்ட கேக்கக் கூடாது. அதுக்குத் தனியா ஒரு சாட்சி வேணும். எங்க காலத்துல அதுக்குச் சிட்டைன்னு பேரு. பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. பழைய காலண்டர்த் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் தெரியுற மாதிரி ஒரு கம்பியில குத்தித் தராசுக்குப் பக்கத்துல தொங்கவிடு. நூல்ல கட்டி ஒரு பேனா. சாமானைக் குடுத்து, துட்டை வாங்கி, கல்லாவுல போடுறதுக்கு முன்னாடி அந்தத் தாள்ல எண்ணை மட்டும் கிறுக்கு. 85. 142. 60. என்ன சாமான், யாரு வாங்கினான்னு எழுதாத. எழுதினா ரெண்டாம் நாளே சடைச்சுப் போயி விட்டுருவ. போன்ல துட்டு அனுப்பினா அந்த எண்ணைச் சுத்தி ஒரு வட்டம் போடு. கடன் சொல்லிட்டுப் போனா சிட்டையில எழுதாத, அதுக்குன்னு இருக்கிற பத்து நோட்டுல எழுது. ராத்திரி, வட்டம் இல்லாததைக் கூட்டினா ரொக்க வியாபாரம். வட்டம் போட்டதைக் கூட்டி, போன் ஆப்பு சொல்லுத தொகையோட ஒட்டிப் பாத்துக்கிடு. ஆப்பு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு நாள்னு எண்ணும். நீ ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திருவ. பாதிச் சாத்தின கதவு வழியா கொசுவத்தி வாங்கிட்டுப் போனவன் துட்டு ஆப்புல இன்னைக்கு நிக்கும், உன் சிட்டையில நாளைக்கு வரும். அந்த வித்தியாசத்துக்காக ராத்திரி முழிச்சுக் கிடக்காத.

'முட்டாயி, ஷாம்பு பாக்கெட்டு, ஒத்த வாழைப்பழம் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருந்தா கூட்டம் போயிரும் தாத்தா'ங்க. வாஸ்தவம். அதுக்குத்தான் அந்தப் பழைய போர்ன்விட்டா டப்பா. இருபது ரூவாய்க்குக் கீழ விக்கிறது எதுவா இருந்தாலும் துட்டு அந்த டப்பாவுல விழணும், பாக்கியும் அதுல இருந்துதான் குடுக்கணும். காலையில டப்பாவுல நூறு ரூவாய்க்குச் சில்லறை போட்டு வை. ராத்திரி எண்ணி அந்த நூறை எடுத்து வச்சிரு, மிச்சம் சில்லறை வியாபாரம். அந்த டப்பாவுக்குச் சாட்சி கிடையாது, தெரிஞ்சுக்கிட்டே விடுதோம். எட்டு மணிக் கூட்டத்துல சிட்டையிலயும் ரெண்டு மூணு எண் விட்டுப்போகும். அப்படி விட்டா கல்லாவுல கூடுதலா நிக்கும். கூடுதல் வந்தா சாமி குடுத்ததுன்னு சந்தோசப்படாத. எழுதாம விட்டது, இல்லைன்னா யாருக்கோ பாக்கி குடுக்காம விட்டது. அந்த ஆளு நாளைக்குக் காலையில வந்து வாசல்ல நிப்பாரு.

இந்தக் குறைவு, கூடுதல்னு எழுதுற பழக்கத்தை நான் எங்க பெரியப்பா கடையில படிச்சேன். 1957ஆம் வருசம், ஏப்ரல் ஒண்ணாந்தேதி நயா பைசா வந்தது. எனக்குப் பத்து வயசு. அதுவரைக்கும் ரூவாய்க்குப் பதினாறு அணா. இனிமே ரூவாய்க்கு நூறு நயா பைசா. பதினாறை நூறுக்குள்ள எப்படி அடுக்குவ? ஓரணாவுக்கு ஆறேகால் வருது, கால் பைசாவுக்கு நாணயம் இல்ல. அதனால ஓரணாவுக்கு 6, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25ன்னு சர்க்கார் ஒரு பட்டியல் போட்டுக் குடுத்தது. நாலணாவுக்கு ஒரே தடவையா கருப்பட்டி வாங்கினவன் 25 குடுத்தான். அதையே ஓரணா ஓரணாவா நாலு தடவை வாங்கினவன் 24 குடுத்தான். இதைக் கண்டுபிடிக்க எங்க தெருப் பொம்பளையளுக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு. சின்னப் பிள்ளையள ஓரணா ஓரணாவா அனுப்பி வச்சாவ. பெரியப்பா கத்தல, கதவைச் சாத்தல. ராத்திரி எண்ணிட்டு, நோட்டுல கீழ ஒரு வரி எழுதுவாரு: 'நயா பைசா குறைவு'. பக்கத்துல எண். ஒரு மாசம் கழிச்சுப் பக்கம் பக்கமாப் புரட்டி, இந்தத் தெருவுக்கு இதனால மாசம் எவ்வளவு போகுதுன்னு பாத்தாரு. பொறவு கருப்பட்டித் துண்டை எலிப்பல் அளவு சின்னதா உடைச்சாரு. அது நியாயமான்னு என்கிட்ட கேக்காத. அவருக்கு எண் தெரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான் சொல்லுதேன்.

இப்ப உன் கடைக்கு வாரேன். 12-8-2025, ஆடி 27, செவ்வாய்க்கிழமை. நீ எழுதின பக்கம் இல்ல, அன்னிக்கு ராத்திரி உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு நான் எழுத வச்ச பக்கம். எப்படி நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? முதல்ல கல்லாவை எண்ணச் சொன்னேன். நீ நோட்டைக் கூட்டப் போன. கையில ஒரு அடி போட்டேன். ஏன் தெரியுமா? நோட்டுல வரவேண்டிய தொகை முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னா, எண்ணுற விரலு அந்தத் தொகைக்கே போயி நிக்கும். நாலு இருபது ரூவாத் தாளை அஞ்சுன்னு எண்ணும். பொய் சொல்லணும்னு இல்லலே, தூக்கம் வருதுல்லா. அதனால கல்லா முதல்ல. தாள் தாளா எண்ணி, பக்கத்தோட அடியில பேனாவால எழுதிரணும், பென்சில் ஆகாது. ஐநூறு ரெண்டு, இருநூறு ஒண்ணு, நூறு அஞ்சு, அம்பது நாலு, இருபது ஆறு, பத்து ஒம்பது, காசு அம்பது. ஆக 2,160.

பொறவுதான் நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. உச்சியில பிள்ளையார் சுழி போடாம எழுத ஆரம்பிச்ச, நான் ஒண்ணும் சொல்லல. ஆச்சி பாத்துட்டா, வாங்கிக் கட்டிக்கிட்ட.

வரவு
நேத்து இருப்பு: 2,150
ரொக்க வியாபாரம், சிட்டைப்படி: 5,470
சில்லறை டப்பா: 830
பழைய பாக்கி வந்தது: 900
மொத்தம்: 9,350

செலவு
பன், ரொட்டி வண்டி: 460
டவுன் மொத்தக்கடைச் சரக்கு: 3,200
லோடு ஆட்டோ: 150
வீட்டுக்கு எடுத்தது: 500
பேங்குல கட்டினது: 2,500
மொத்தம்: 6,810

நோட்டுப்படி இருப்பு: 2,540
கல்லாவுல எண்ணினது: 2,160
குறைவு: 380

நேத்து இருப்புன்னு எழுதின 2,150, முந்தின நாள் எண்ணி எழுதின தொகை. நோட்டு கூட்டிச் சொன்ன தொகை இல்ல. இதையும் நீ மாத்தித்தான் வச்சிருந்த. பழைய பாக்கி 900, பீடி சுத்துற அக்கா வாரக்கூலி வாங்கின கையோட கொண்டாந்து குடுத்தது. அது இன்னைக்கு வந்த துட்டு, இன்னைக்கு நடந்த வியாபாரம் இல்ல. சாமான் போனது போன வாரம். அதை வியாபாரத்துல சேத்தா, ஒரே அரிசியை ரெண்டு தடவை வித்ததாக் கணக்கு ஆகும். பேங்குல கட்டின 2,500 செலவும் இல்ல. இந்தச் சட்டைப்பையில இருந்து அந்தச் சட்டைப்பைக்குப் போயிருக்கு. ஆனா கல்லாவை விட்டுப் போனதுனால வலப்பக்கம் வரணும், பேங்குக் கட்டத்துல வரவா நிக்கணும். வீட்டுக்கு எடுத்த 500ஐயும் மறக்காம எழுதினியே, அதுக்கு உன்னை மெச்சணும். முக்காவாசிக் கடை இந்த வரியில்தான் முங்கும். பொண்டாட்டிக்குக் குடுத்தது செலவா, அது வீட்டுத் துட்டுல்லான்னு நினைப்பாவ. ஆமா, வீட்டுத் துட்டுதான். கல்லாவுக்கு வீடும் வெளிதான்லே.

380 குறையுதுன்னதும் நீ என்ன பண்ண? பேனாவை எடுத்து ரொக்க வியாபாரம் 5,470ஐ 5,090ன்னு திருத்தப் போன. 'சிட்டையில தப்பாக் கூட்டியிருப்பேன் தாத்தா'ங்க. அந்தக் கையை அப்பவே பிடிச்சேன். கல்லாவுக்குத் தக்கன நோட்டைத் திருத்துறவன், செருப்புக்குத் தக்கன காலை வெட்டுறவன்.

தேடுறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல நோட்டைப் பாக்காம, கண்ணை மூடி, காலையில இருந்து கல்லாவைத் திறந்த நேரம் எல்லாத்தையும் யோசி. துட்டு வாங்குறதுக்குத் திறந்ததை விடு, குடுக்கிறதுக்குத் திறந்ததை மட்டும். நீ யோசிச்ச. பதினோரு மணிக்கு அம்மன் கோயில் கொடைக்கு வரி கேட்டு நாலு பேரு ரசீதுப் புஸ்தகத்தோட வந்தாவன்னு சொன்ன. 200 குடுத்திருக்க. ரசீது உன் சட்டைப்பையில இருக்கு, நோட்டுல இல்ல. புண்ணியம் உனக்குச் சேந்துருச்சு, கணக்குச் சேரல.

இதே வரியை எங்க வடக்குப் பக்கத்து வியாபாரிமாரு எப்படி எழுதினாவ தெரியுமா? விருதுநகர், சிவகாசி நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவுன்னு மகமை எடுத்து வைப்பாவ. யாரோ வந்து வாசல்ல நின்னு கேட்டப் பொறவு குடுக்கிறது இல்ல அது. சரக்கு கைமாறும்போதே கணக்குல தனி வரியா விழுந்துரும். அப்படிச் சேந்த மகமையிலதான் விருதுநகர்ல 1889ல சத்திரிய வித்தியாசாலை எழும்பிச்சு, காமராஜர் போயி உக்காந்த பள்ளிக்கூடம். 1921ல தூத்துக்குடியில நாடார் பேங்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சாவ. அப்ப தூத்துக்குடி நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். 1962ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்குன்னு பேரு மாறிச்சு. நீ 2,500 கட்டின பேங்கு அதுவா வேற ஒண்ணான்னு நான் கேக்கல. ஒரு வரி விட்டுப்போகாம எழுதினா எங்க போயி நிக்கும்னு சொல்ல வந்தேன், கதை நீண்டுபோச்சு.

380ல 200 போச்சு. மிச்சம் 180. இப்ப ஒரு வித்தை காட்டுதேன் பாருன்னு சொன்னேன்லா? 180ஐ ஒம்பதால வகுத்தா இருபது, மிச்சம் இல்ல. மிச்சம் இல்லாம வகுபட்டா, எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி உக்காந்திருக்கான்னு முதல்ல சந்தேகப்படணும். இது மந்திரம் இல்ல. நூறு இடத்துல இருக்கவேண்டிய இலக்கம் பத்து இடத்துக்கு இறங்கினா ஒவ்வொண்ணுக்கும் தொண்ணூறு நட்டம். 6க்கும் 4க்கும் வித்தியாசம் ரெண்டு, ரெண்டு தொண்ணூறு 180. அப்ப ஆறும் நாலும், ஏழும் அஞ்சும்னு ரெண்டு வித்தியாசத்துல பக்கம் பக்கமா நிக்கிற எண்ணைத் தேடு. பன் வண்டி 460. அவன் குடுத்த துண்டுச் சீட்டை எடுத்துப் பாத்தா 640. நீ போன்ல பேசிக்கிட்டே எழுதியிருக்க.

வித்தைக்கும் ஒரு எல்லை உண்டு. முதல்ல வந்த 380ஐ ஒம்பதால வகுத்துப் பாத்தா மிச்சம் வரும். ரெண்டு தப்பு ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பிடிச்சுக் கிடந்தா ஒம்பது பேசாது. அதனாலதான் ஞாபகத்தை முன்னாடி அனுப்பணும், வகுத்தலைப் பின்னாடி அனுப்பணும். இன்னொரு சின்ன அடையாளமும் இருக்கு. வித்தியாசத்துல பாதி எவ்வளவோ, அந்தத் தொகை பக்கத்துல எங்கயாவது இருக்கான்னு பாரு. பாக்கி வந்த 900ஐ மறதியா வலப்பக்கம் செலவுல போட்டிருந்தா, கல்லாவுல 1,800 கூடுதலா நிக்கும். பாதி 900. துட்டு தெருவு மாறி உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

திருத்தினோம். செலவு மொத்தம் 7,190. நோட்டுப்படி இருப்பு 2,160. கல்லா 2,160. அதுக்கு நீ போடு பச்சை டிக்கு, நானே வந்து மேளம் அடிக்கேன். 460ஐ அடிச்சுட்டுப் பக்கத்துலயே 640 எழுதச் சொன்னேனே, வெள்ளை பூசி மறைக்காதன்னு, அது எதுக்குன்னு கேட்ட. அழிச்ச பக்கத்தைப் பாத்தா எவனும் நம்ப மாட்டான்லே. அடிச்ச பக்கத்தை நம்புவான்.

'நம்பணுமா, யாரு பாக்கப் போறாங்க தாத்தா'ங்க. 2025 ஜூலையில பெங்களூர்ல என்ன நடந்துச்சுன்னு நீதான் எனக்குப் படிச்சுக் காட்டின. கர்நாடகா வணிக வரிக்காரங்க போன்ல வந்த துட்டைக் கூட்டிப் பாத்து, சின்னச் சின்னக் கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸு அனுப்பினாவ. கொஞ்சப் பேரு க்யூஆர் அட்டையைக் கிழிச்சுட்டு, ரொக்கம் மட்டும்னு பலகை மாட்டினாவ. அட்டையைக் கிழிச்சா வந்த துட்டு வராமப் போயிருமா? மச்சான் அனுப்பின கைமாத்தும், சீட்டு எடுத்த துட்டும், கத்தரிக்காய் வித்ததும் ஒரே கணக்குல வந்து கலந்து கிடந்தா, எது வியாபாரம் எது உறவுன்னு மூணு வருசம் கழிச்சு எந்தத் தலையால யோசிப்ப? சாமான் விக்கிற கடைக்கு நம்ம ஊர்ல வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம்ங்காவ. நீ அதுக்கு உள்ள நிக்கியா வெளிய நிக்கியான்னு உன் சிட்டைதான் சொல்லணும். அதனால பேங்குக் கட்டத்துல 'வியாபாரம்' 3,480ன்னு ஒரு வரி, 'மச்சான் கைமாத்து' 5,000ன்னு இன்னொரு வரி. ரெண்டையும் கூட்டி எழுதாத. மச்சானும் கோவிச்சுக்கிட மாட்டான்.

சரி, படத்துக்கு வாரேன். திரும்ப எடுக்கணும்னு நிக்க. எடு. இப்ப மூணு நிமிஷம் வரைக்கும் போடலாமாம்லா, ஒரு நிமிஷத்துக்குள்ள ஏன் மூச்சு வாங்குத? ஆனா முழுப் பக்கத்தையும் ஒரே சட்டத்துல காட்டாத. செங்குத்தாப் பிடிக்கிற போன்ல ரெண்டு பக்கமும் சேந்து வந்தா எழுத்து எறும்பு மாதிரி ஊரும். இடப்பக்கம் தனியா, வலப்பக்கம் தனியா, பொறவு கடைசி மூணு வரி மட்டும் திரை நிறைய. முதல் காட்சி எதுன்னு கேக்கியா? தாளை எண்ணுற கை. நோட்டைக் கூட்டுறது அதுக்குப் பொறவுதான் வரணும். பாக்கிறவன் அந்த வரிசையைத்தான் கண்ணால பிடிச்சுக்கிடுவான். 380 குறைவுன்னு எழுதுறதைக் காட்டு, 460ஐ அடிக்கிறதைக் காட்டு. சரியா வந்த பக்கத்தைப் பாத்து எவனும் ஒண்ணும் படிக்கப்போறதில்ல. அது கலியாண போட்டோ மாதிரி, எல்லாம் சிரிச்சுக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு. போன தடவை நோட்டைப் புரட்டிக் காட்டும்போது பத்து நோட்டும் பக்கத்துல திறந்து கிடந்துச்சு. மேலத் தெரு முழுக்கப் பேரும் பாக்கியும் திரையில ஓடுச்சு. கன்னடியன் கால்வாயில குளிக்கப் போன இடத்துல ஒருத்தரு என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அண்ணாச்சி, என் பேருக்கு நேரா 1,240ன்னு உலகமே பாக்குதாமே'ன்னாரு. பிசானம் அறுத்ததும் குடுக்கிற மனுசன், நாப்பது வருசமா ஒரு பைசா நின்னது கிடையாது. நான் முங்கி எந்திரிக்காம தண்ணிக்குள்ளயே கொஞ்ச நேரம் இருந்தேன். இனிமே பேரு வாற இடத்துல கட்டைவிரலை வச்சுக்கிடு.

அப்புறம், நேத்து ராத்திரி நீ ஒரு தாளைக் கொண்டாந்து நீட்டினியே, அதைப் பத்திப் பேசாம எந்திரிச்சுப் போயிரலாம்னு பாத்தேன். விட மாட்டேங்க. ஆடி 27க்குப் பொறவு பத்து நாளா நோட்டை ஒழுங்கா எழுதியிருக்க. குறைவு வந்த நாளைத் தனியாப் பிரிச்சு எழுதியிருக்க. ஒரு நாள் 37. ஒரு நாள் 25. ஒரு நாள் 40. ஞாபகத்துலயும் அகப்படல, ஒம்பதுலயும் வகுபடல, பாதியாக்கினாலும் எதோடயும் சேரல. யாரு கல்லாவுல உக்காந்தான்னு ஒரு வரி எழுதி வையின்னு நான்தானே சொன்னேன், அதையும் எழுதியிருக்க. குறைவு வந்த நாள் பூரா, நீ சாப்பிடப் போன நேரம், ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும், கல்லாவுல ஒரே ஆளு.

நோட்டு நல்லாத்தாம்லே வேலை செய்யுது. கும்பகோணம் வெத்தலை விலை ஏறிப்போச்சு, டீயும் முன்ன மாதிரி இல்ல. வலப்பக்கம் 'தாத்தா வெத்தலை'ன்னு ஒரு வரி போட்டுக்கிடு. படம் எடுக்கும்போது மட்டும் அந்த வரி மேலயும் கட்டைவிரலை வச்சுக்கிடு. உங்க ஆச்சி நாலு தடவை பாக்கா.